பழைய கணக்குக் கொப்பியில் உள்ள தமிழ் எண்களை, தொகை மாறாமல் மாற்றி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் திருவிழாச் செலவுக் கொப்பியை அம்மப்பாதான் எழுதிவந்தார். 1995 இடப்பெயர்வில் பெரியம்மா அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய், திரும்பவும் பத்திரமாகக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வீட்டு அலுமாரியில் வைத்துத்தான் செல்லரித்தது. இப்போது எங்களிடம் மிஞ்சியிருப்பது போனில் எடுத்த படங்கள் மட்டுமே. அவற்றை நான் மாற்றி எழுதி முடித்ததைக் கேள்விப்பட்டு, சொந்தக்காரரும் அயலவரும் தங்கள் வீட்டுப் பழைய தாள்களின் படங்களோடு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஆகவே எழுதி வைத்துவிட்டேன்.

இதில இருக்கிறது எண்ணோ எழுத்தோ? க, உ, ச எண்டெல்லாம் கிடக்குது.

எண்கள்தான். பார்வைக்கு எழுத்துப் போல இருக்கும். ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௪ என்பது ச போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் தெரியும். ௩ பழைய ங போல வளையும். ௫ ரு போலவும், ௬ சு போலவும், ௯ கூ போலவும் இருக்கும். இந்த ஒன்பதும் 1 முதல் 9 வரை.

இவற்றோடு இன்னும் மூன்று குறிகள் உண்டு: ய போன்ற ௰ பத்து, ள போன்ற ௱ நூறு, ௲ ஆயிரம். தொகை மாறிப்போவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். ஒன்பது இலக்கங்களைப் பாடமாக்குவதற்கு முன் இந்த மூன்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப ஒவ்வொரு குறிக்கும் நேரே ஒரு இலக்கத்தைப் போட்டால் முடிஞ்சுதுதானே?

முடியாது. என் மச்சாள் ஒருத்தி அப்படித்தான் ௨௰௫ என்பதை 2105 என்று எழுதிவிட்டாள். ௨ இரண்டு, ௰ பத்து, ௫ ஐந்து, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2105. இருபத்தைந்து ரூபாய் எண்ணெய்ச் செலவு இரண்டாயிரத்துக்கு மேலே போய்விட்டது.

பழைய முறையில் எண்ணை வாயால் சொல்வதுபோலவே எழுதுவார்கள். ௨௰௫ என்றால் "இரண்டு பத்து, ஐந்து", அதாவது 25. ௰, ௱, ௲ ஆகியவற்றுக்கு முன்னால் நிற்கும் இலக்கத்தால் பெருக்க வேண்டும், பின்னால் நிற்பதைக் கூட்ட வேண்டும். முன்னால் ஒன்றும் இல்லையென்றால் ஒன்று என்று எடுக்க வேண்டும். ஆகவே ௰௨ என்பது 12, ௨௰ என்பது 20. இரண்டிலும் இருப்பது அதே இரண்டு குறிகள்தான், வரிசைதான் வேறு. ௱௫ என்பது 105, ௱௫௰ என்பது 150. ௨௰௩௲௪௱ என்பது "இருபத்து மூன்று ஆயிரம், நானூறு", 23,400. ௱௲ என்பது நூறாயிரம், ஒரு இலட்சம்.

இந்த முறையில் பூச்சியம் தேவைப்படாது. 205 என்பதற்கு ௨௱௫ போதும். பத்தின் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

நான் பார்த்த பக்கத்தில ௰ ஒண்டுமே இல்லை. ௨௫ எண்டு நேராக் கிடக்குது. இது 25ஓ, இரண்டும் ஐந்தும் ஏழோ?

25தான். பிற்காலத்தில் எழுதியவர்கள் பலர் தமிழ்க் குறிகளையே வைத்துக்கொண்டு, இப்போது நாம் எழுதுவதுபோல இடமதிப்பு முறையில் எழுதினார்கள். அப்படி எழுதும் கையில் பூச்சியமும் வரும்: ௨௦௫. பக்கத்தில் ஓரிடத்திலாவது ௦ கண்ணில் பட்டால், அந்தக் கை இடமதிப்பு முறை தெரிந்த கை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே ஆள் இரண்டையும் கலந்தும் எழுதுவார். ௱௨௫ என்று கண்டால் மலைக்க வேண்டாம். நூறும் இருபத்தைந்தும், 125. இதனால், பக்கம் முழுவதற்கும் ஒரே முறை என்று முதலிலேயே முடிவெடுக்காமல், ஒவ்வொரு எண்ணிலும் ௰, ௱, ௲ இருக்கிறதா என்று பார்த்து வாசியுங்கள்.

படம் எப்படி எடுத்தால் நல்லது?

முதலில் முழுப் பக்கத்துக்கும் ஒரு படம், பிறகு தொகை நிரலுக்கு மட்டும் கிட்டப்பிடித்து நாலைந்து படங்கள். ஒன்றோடொன்று இரண்டு வரியாவது கவிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வரி எங்கே என்று பிறகு தெரியாமல் போகும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால், மை மங்கிப் போனாலும் பேனை அழுத்திய தடம் தெரியும். கொப்பியின் நடு மடிப்பைக் கவனியுங்கள். இடப்பக்கத் தாளில் சத நிரல் அந்த மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும்.

போனில் தாளைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தரும் வசதி உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும், பின்பக்கத்து மை ஊறி வந்த கறையைக் கோடாக்கிவிடும். எங்கள் கொப்பியில் ஒரு ௧ அப்படித்தான் வால் முளைத்து ௯ ஆனது. எனவே சாதாரண நிறப் படமாக எடுங்கள், தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். சந்தேகமான கோட்டைப் பின்பக்கப் படத்தில் அதே இடத்தில் தேடிப் பார்த்தால், அது எந்தப் பக்கத்து மை என்று தெரிந்துவிடும்.

௧, ௯ இரண்டும் எனக்கு ஒரே மாதிரித் தெரியுது. ௪, ௬ உம் அப்படித்தான். எப்படிப் பிரிக்கிறது?

இந்த இரண்டு சோடியும்தான் எல்லோரையும் குழப்பும். ௯ என்பது வால் நீண்ட ௧ போலவும், ௬ என்பது சுழித்து முடித்த ௪ போலவும் இருக்கும். அச்சுப் புத்தகத்து வடிவத்தோடு ஒப்பிட்டால் தீராது, எழுதியவருடைய கையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதற்கு நல்ல வழி திகதி நிரல். திகதிகள் ஏறுவரிசையில் வருவதால், அங்கே எது ௪ எது ௬ என்பதில் ஐமிச்சம் இருக்காது. ௩க்கும் ௫க்கும் நடுவில் இருப்பது ௪ ஆகத்தான் இருக்கும். அந்த நிரலிலிருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் வெட்டியெடுத்து, ஒரு படமாக அடுக்கி வைத்துக்கொண்டேன். அம்மப்பாவின் ௬இல் கடைசிச் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கும், ௪இல் இறங்காது. அதைக் கண்டுபிடித்த பிறகு பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இன்னொருவர் கொப்பிக்கு இது பொருந்தாது. எழுத்து மாறும் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு அட்டவணை செய்ய வேண்டும்.

மாத்தி எழுதேக்க என்னென்ன எழுத வேணும்? 25 எண்டு மட்டும் எழுதினால் போதாதே?

போதாது. மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் தாளில் உள்ளதை உள்ளபடியே தமிழ் எண்ணில்: ௨௰௫. இரண்டாவதில் உங்கள் வாசிப்பு: 25. மூன்றாவதில் குறிப்பு: "௫ மங்கல்", "வால் பின்பக்க மையாக இருக்கலாம்" என்பது போல. நாளைக்கு ஒருவர் வந்து இது 25 இல்லை என்றால், நீங்கள் குறியைப் பிழையாகப் பார்த்தீர்களா, சரியாகப் பார்த்துப் பிழையாகக் கணக்கிட்டீர்களா என்று முதல் நிரல் சொல்லிவிடும்.

தட்டச்சில் ஒரு கண்ணி இருக்கிறது. எண் ௧உம் எழுத்து கஉம் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கணினிக்கு வேறு வேறு: முதலாவது U+0BE7, இரண்டாவது U+0B95. அவசரத்தில் எழுத்தைத் தட்டிவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

ரூபாய்க்குப் பிறகு சதத்தில ௫ எண்டு மட்டும் இருக்கு. 20.5 எண்டு எழுதலாம்தானே?

கூடாது. இருபது ரூபாய் ஐந்து சதம் என்பது 20.05. நீங்கள் 20.5 என்று எழுதினால், அடுத்தவர் அதை இருபது ரூபாய் ஐம்பது சதம் என்றுதான் வாசிப்பார். ஐம்பது சதமென்றால் பழைய முறையில் ௫௰ என்று ௰ சேர்ந்து வந்திருக்கும். சதத்தை எப்போதும் இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். சதமே இல்லாத இடத்தில் .00 போடுவதிலும் ஒரு நன்மை உண்டு: சதம் இல்லை என்று பார்த்துத்தான் எழுதினீர்கள், விட்டுப்போகவில்லை என்பது தெரியும்.

ஒரு பக்கத்தை முழுசாச் செய்து காட்டுவீங்களோ?

சரி. ஆடி மாதப் பக்கம் ஒன்று, ஐந்தே வரிகள். இடப்பக்கம் தாளில் உள்ளது, வலப்பக்கம் என் வாசிப்பு.

எண்ணெய்: ௰௨ ரூபாய் ௨௰௫ சதம் → 12.25
பூமாலை: ௨௰ ரூபாய் ௫ சதம் → 20.05
மேளம்: ௱௫ ரூபாய் → 105.00
அரிசி: ௯௰௬ ரூபாய் ௭௰௫ சதம் → 96.75
விறகு: ௮ ரூபாய் ௫௰ சதம் → 8.50
ஆக: ௨௱௪௰௨ ரூபாய் ௫௰௫ சதம் → 242.55

ஐந்தையும் கூட்டினால் 242.55, அடியில் அம்மப்பா எழுதியதும் அதே. முதல் தடவை எனக்கு இப்படி வரவில்லை, 243.00 வந்தது. பூமாலைக்கு நான் 20.50 என்று போட்டிருந்தேன், மேலே சொன்ன அதே சதப் பிழை. கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பிழை அப்படியே நின்றிருக்கும். சுற்றுத்தொகையாக வந்ததால் 243 சரியாக இருக்கும் என்று மனம் வேறு சொன்னது!

கூட்டினால் அடியில இருக்கிற தொகை வரேல்லை. எந்த வரியில பிழை எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வித்தியாசத்தைப் பாருங்கள், அதுவே வழி காட்டும். என் பிழையில் வித்தியாசம் 45 சதம். அதை ஒன்பதால் வகுத்தால் 5. அதாவது ஒரு ௫, ௰ இல்லாமல் இருந்தும் ஐம்பதாக வாசிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ௰ இருந்தும் ஐந்தாக வாசிக்கப்பட்டிருக்கிறது. 50க்கும் 5க்கும் இடைவெளி 45, 70க்கும் 7க்கும் இடைவெளி 63. எந்த இலக்கமானாலும் ஒன்பதின் மடங்குதான் வரும், வகுத்தால் அந்த இலக்கமே கிடைக்கும். நூறையும் பத்தையும் மாற்றி வாசித்திருந்தால் தொண்ணூறால் வகுக்க வேண்டும். வித்தியாசம் 270 என்றால் ஒரு ௩ தேடுங்கள், அதன் பின்னால் நிற்பது ௱ஆ ௰ஆ என்று பாருங்கள்.

வித்தியாசம் 2, 20, 200 என்று வந்தால் ௪, ௬ மாறியிருக்கும். 8 அல்லது 80 என்றால் ௧, ௯ மாறியிருக்கும். ஆனால் 8க்கு இன்னொரு காரணமும் உண்டு: ௰௨ஐ 20 என்று வாசித்தாலும் 8தான் வரும். அதேபோல ௰௫ஐ 50 என்று வாசித்தால் 35 வரும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டித் தொகை சரியாக வந்துவிடுவதும் உண்டு. ஆகவே கூட்டுத்தொகை சரிவந்த பிறகும், ஒருவர் படத்தைப் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவர் எழுதியதோடு சரிபார்ப்பது நல்லது. அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்கத் தொகை திரும்ப எழுதப்பட்டிருந்தால், அதையும் பாருங்கள்.

எல்லாம் பாத்தாச்சு. வாசிப்புச் சரி, அப்புவே பிழையாக் கூட்டியிருக்கிறார். திருத்தி எழுதலாமோ?

எழுதக்கூடாது. அவர் 243 என்று எழுதியிருந்தால், உங்கள் இரண்டாவது நிரலிலும் 243தான். "வரிகளின் கூட்டுத்தொகை 242.55" என்று மூன்றாவது நிரலில் எழுதுங்கள். அந்தப் பிழையான தொகை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கலாம், அந்தத் தொகையை வைத்துத்தான் உபயகாரரிடம் காசு வாங்கியிருக்கலாம். இங்கே நீங்கள் திருத்தினால் அந்தப் பக்கங்கள் ஒன்றும் பொருந்தாது. பிழை அவருடையது என்பதும் கொப்பியில் உள்ள செய்திதான்.

தொகை எழுத்திலும் எண்ணிலும் இருந்து, இரண்டும் முரண்பட்டாலும் இதே வழிதான். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தெரிவுசெய்யாதீர்கள்.

எண்ணுக்கு நடுவில செல்லரிச்சு ஓட்டை. ௨௱ இருக்கு, ௫ இருக்கு, இடையில ஒண்டும் இல்லை. 205 எண்டு போடவோ?

அவசரப்பட வேண்டாம். 205 என்று முடிவெடுத்தால், ஓட்டைக்குள் ஒன்றுமே இருக்கவில்லை என்று நீங்கள் சொல்வதாகிவிடும். அங்கே ௰ மட்டும் இருந்திருந்தால் 215, ௪௰ இருந்திருந்தால் 245. ஓட்டை அகலமாக இருந்தால் 205 முதல் 295 வரை பத்து வாய்ப்புகள். இடமதிப்பு முறையில் எழுதியிருந்தால் நடுவில் ஒரு இலக்கம் போயிருக்கிறது என்றாவது தெரியும், பழைய முறையில் அதுவும் தெரியாது.

எங்கள் கொப்பியில் அப்படி ஒரு வரி இருந்தது. மற்ற வரிகளின் கூட்டுத்தொகை 118.50, அடியில் ௩௱௬௰௩ ரூபாய் ௫௰ சதம், அதாவது 363.50. மிச்சம் 245. தாளில் தெரியும் ௨௱உம் ௫உம் அதோடு பொருந்துகின்றன. அதனால் முதல் நிரலில் ௨௱[ ]௫ என்றும், இரண்டாவதில் [245] என்று அடைப்புக்குள்ளும், மூன்றாவதில் "கூட்டுத்தொகையிலிருந்து பெற்றது" என்றும் எழுதினேன். கண்ணால் பார்த்ததையும் கணக்கிட்டுப் பெற்றதையும் ஒரே மாதிரி எழுதி வைத்தால், பிறகு எழுதினவருக்கே எது எதுவென்று தெரியாமல் போகும்.

௵, ௴, ௳, ௸ எண்டெல்லாம் வருது. இதுகளும் எண்ணோ?

இல்லை. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௸ மேற்படி. ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். இவை எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்பதால் இலக்கம் போலத் தெரியும். பற்று, வரவுக் குறிகளை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். தொகை மாறாமலே கடன் கொடுத்தவர் வாங்கியவராகிவிடுவார்.

வருடத்தைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு கைவசதி உண்டு. எங்கள் பக்கத்தின் தலையில் ௲௯௱௩௰ வரை தெளிவு, கடைசி இலக்கம் ௪ஆ ௬ஆ என்று தெரியவில்லை. பக்கத்தில் "பவ ௵" என்று எழுதியிருந்தார். அறுபது வருட வட்டத்தில் பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது, எட்டாவதான பவ 1934இல். 1936 என்றால் தாது என்று இருந்திருக்கும். ஆகவே 1934. ஆனால் தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால், பவ வருடத்துத் தை, மாசி, பங்குனி எல்லாம் 1935இல்தான் வரும். எங்கள் பக்கம் ஆடி மாதம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

காணி உறுதியில பரப்பு ௪ குழி ௯ எண்டு இருக்கு. 4.9 பரப்பு எண்டு எழுதலாமோ?

ஐயோ, வேண்டாம். ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி. ஒன்பது குழி அரைப் பரப்பு, ஆகவே அது நாலரைப் பரப்பு. 4.9 என்று எழுதினால் ஏழு குழிக்கு மேலே கூடிவிடும். அதைப் பார்த்து யாராவது வேலி போட்டால் அயல் வீட்டோடு சண்டைதான்.

பாதுகாப்பான வழி, அலகை அலகாகவே விட்டு "4 பரப்பு 9 குழி" என்று எழுதுவது. புள்ளி வைத்து எழுதும் பழக்கத்தை ரூபாய் சதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பங்கு எழுதேக்க மூவீசம், அரைக்கால் எண்டு வருது. அதைத் தசமத்தில மாத்தலாமோ?

பின்னமாகவே எழுதுங்கள். வீசம் 1/16, மூவீசம் 3/16, அரைக்கால் 1/8, கால் 1/4. "காலே அரைக்கால்" என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும், 3/8. மூவீசத்தின் சரியான தசமம் 0.1875. அதைச் சுருக்கி 0.19 என்று எழுதினால், 16 பரப்புக் காணியில் மூன்று பரப்பாக இருக்க வேண்டிய பங்கு 3.04 பரப்பாகும். முக்கால் குழிக்குக் கிட்டக் கூடிவிடுகிறது, அது யாரோ ஒருவருடைய பங்கிலிருந்துதான் போகிறது.

பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. காலுக்கு வ போல ஒரு குறி, மாவுக்கு ப போல ஒன்று. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இங்கே நாங்கள் நிலம் எல்லாவற்றையும் காணி என்றுதான் சொல்லுகிறோம், அதனால் பங்கு எழுதும் இடத்தில் வரும் "காணி" நிலமா 1/80ஆ என்று முழு வாக்கியத்தையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

ரூபாய் இல்லை, இறைசால், பணம் எண்டு இருக்கு. இண்டைய ரூபாயில எவ்வளவு எண்டு போடவோ?

எண்ணை மட்டும் மாற்றுங்கள், நாணயத்தைத் தொடாதீர்கள். நூறு சதத்தோடு கூடிய ரூபாய் இலங்கைக்கு 1872இல்தான் வந்தது. அதற்கு முந்திய தாள்களில் இறைசால் வரும், ஒரு இறைசாலுக்குப் பன்னிரண்டு பணம். ௫ இறைசால் ௭ பணம் என்பதை "5 இறைசால் 7 பணம்" என்றே எழுதுங்கள். இதுவும் பரப்பு, குழி போலத்தான், 5.7 ஆகாது.

கணினியே மாத்தித் தராதோ? எங்களிட்ட எழுபது பக்கம் இருக்கு.

படத்திலிருந்து வாசிப்பதை நீங்கள்தான் செய்ய வேண்டும். முதல் நிரலை இரண்டாவதாக்கும் கணக்கைக் கணினி செய்யும். பைத்தன் என்ற நிரலாக்க மொழியில் `int("௨௫")` நேராக 25 தரும், ஆனால் `int("௨௰௫")` பிழை காட்டும், ௰ அதற்கு இலக்கமாகத் தெரியாது. இதை வைத்துக்கொள்ளலாம்:

```python
import unicodedata

def en(s):
    total = group = cur = 0
    for ch in s:
        v = int(unicodedata.numeric(ch))
        if v < 10:
            cur = cur * 10 + v
        elif v < 1000:
            group += (cur or 1) * v
            cur = 0
        else:
            total += ((group + cur) or 1) * v
            group = cur = 0
    return total + group + cur
```

`en("௨௱௪௰௨")` 242 தரும், `en("௨௦௫")` 205 தரும், கலப்பான `en("௱௨௫")` 125 தரும். எழுத்து கவைத் தவறுதலாகத் தட்டியிருந்தால் `ValueError` என்று நின்றுவிடும். அப்படி நின்று என் இரண்டு தட்டச்சுப் பிழைகளைப் பிடித்துத் தந்தது. ரூபாயையும் சதத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள், நடுவில் இடைவெளியும் விடக்கூடாது. பத்து இலட்சத்தை ௰௱௲ என்று எழுதியிருந்தால் இது பிழையாகக் கணக்கிடும். கோயில் கொப்பியில் அவ்வளவு பெரிய தொகையை நான் இன்னும் காணவில்லை.

நான் மாத்தி எழுதினதைக் காணி வழக்குக்குக் குடுக்கலாமோ?

உங்கள் தாள் உங்கள் வாசிப்பு மட்டுமே, உறுதிக்குப் பதிலாக நிற்காது. உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதையும், படத்தையும், உங்கள் மூன்று நிரலையும் சேர்த்துச் சட்டத்தரணியிடம் கொடுத்தால் அவருக்கு வேலை சுலபம். மூன்றாவது நிரலை வெட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள். சந்தேகம் எந்த எண்ணில் இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிலிருந்துதான்.